விடியக்காலை சென்ட்ரல்ல இறங்கி வீடு போய்ச் சேர்றது: ப்ரீபெய்ட் ஸ்லிப், ஆப் வண்டி, வெயிட்டிங் காசு, புரோக்கர்கள் பத்தி முழு வழிகாட்டி

ஈரோட்டுல இருந்து நைட்டு ஏற்காடு எக்ஸ்பிரஸ் மாதிரி ஒரு வண்டில ஏறினா விடியறதுக்கு முன்னாடியே சென்னை சென்ட்ரல்ல கொண்டு வந்து விட்டுருவாங்க, தூக்கம் பாதி கண்ணுல, கையில ரெண்டு பை, பக்கத்துல முட்டிவலியோட அம்மா, அந்த நேரத்துல பிளாட்பாரத்துலயே ஒருத்தர் வந்து "ஆட்டோவாம்மா, எங்க போகணும்"னு பையில கைய வெச்சாருன்னா பாதி பேரு சரின்னு பின்னாடியே போயிருவாங்க. நானும் போயிருக்கேன். அன்னைக்கு போரூருக்கு 700 ரூபா குடுத்தேன், வீட்டுல போய் உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தப்பதான் எவ்வளவு ஏமாந்தோம்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வந்து போய்ட்டு இருக்கேன், ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ரெண்டு விஷயம் கத்துக்கிட்டேன், அதைத்தான் இங்க வரிசையா எழுதுறேன். ஊர் சென்ட்ரல்தான், போற இடம் போரூர், ஆனா கணக்கு போடுற முறை எல்லா ஸ்டேஷனுக்கும் ஒத்து வரும்.

வண்டில இருக்கும்போதே செய்ய வேண்டியது: நியாயமான காசு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கறது

இறங்கினதுக்கு அப்புறம் ரேட்டு விசாரிச்சா லேட்டு. பெரம்பூர் தாண்டும்போதே போனை எடுத்து மேப்ல சென்ட்ரல்ல இருந்து வீட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்னு பாத்துருங்க. போரூர் ஜங்ஷனுக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம்.

சென்னை ஆட்டோவுக்கு அரசு 2013 ஆகஸ்ட்ல ஒரு மீட்டர் கட்டணம் அறிவிச்சாங்க. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அதுக்கு மேல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபா, வெயிட்டிங் 5 நிமிஷத்துக்கு 3 ரூபா 50 காசு, ராத்திரி 11 மணியில இருந்து காலைல 5 மணி வரைக்கும் பாதிக்கட்டணம் கூட. ரொம்ப வருஷமா இதை மாத்தாம விட்டதால டிரைவர்கள் பக்கம் கஷ்டம் இருக்கு, கேஸ் விலையும் வண்டி விலையும் அன்னைக்கு இருந்த மாதிரியா இருக்கு. அதனால 2025 பிப்ரவரி 1ல இருந்து சங்கங்களே ஒரு ரேட்டு சொல்லிக்கிட்டாங்க, 1.8 கிலோமீட்டருக்கு 50, அப்புறம் கிலோமீட்டருக்கு 18, வெயிட்டிங் நிமிஷத்துக்கு ஒண்ணரை ரூபா. இது அரசு போட்ட ரேட்டு இல்ல, அதையும் அரசு தரப்புல அப்பவே சொல்லிட்டாங்க. ஆனா ரோட்டுல பேசும்போது டிரைவர் மனசுல இருக்கிறது இந்தக் கணக்குதான்.

இப்போ ரெண்டையும் போட்டுப் பாருங்க. 16ல 1.8 போனா 14.2 கிலோமீட்டர். அரசு கணக்குல 14.2 பெருக்கல் 12, அது 170 ரூபா 40 காசு, அதோட 25 சேத்தா 195. சங்கத்துக் கணக்குல 14.2 பெருக்கல் 18, அது 255 ரூபா 60 காசு, 50 சேத்தா 306. அவ்வளவுதான். நான் 306ஐ மேல் எல்லையா வெச்சுப்பேன், பகல்ல அதுக்கு மேல ஒருத்தர் கேட்டா ஏன்னு கேக்குறதுக்கு எனக்கு ஒரு நம்பர் கையில இருக்கு. புதுசா அரசாணை ஏதாவது வந்திருந்தா அந்த எண்ணைப் போட்டு இதே மாதிரி கணக்கு பண்ணிக்கோங்க. மனசுல போட முடியலன்னா டிக்கெட் மெசேஜ் இருக்குற இடத்துலயே ஒரு நோட்ல எழுதி வெச்சுக்கோங்க, தூக்கக் கலக்கத்துல பெருக்கல் வராது, எனக்கு வந்ததே இல்ல.

இந்த 5 மணி விஷயத்தைக் கொஞ்சம் கவனிங்க. நாலு மணிக்கு இறங்கி உடனே கிளம்பினா அரசு மீட்டர்லயே 195க்கு பாதி சேத்து 293 ஆகும். ராத்திரி ரேட்டு நேர்மையா கேக்குற டிரைவர்கிட்ட சண்டை போடாதீங்க, அது அவருக்கு உரிமை. ஆனா நாலே முக்காலுக்கு இறங்கினா அவசரம் இல்லன்னா வெயிட்டிங் ஹால்ல உக்காந்து ஒரு டீ குடிச்சுட்டு 5 மணி தாண்டி வெளிய வந்தா அந்த நூறு ரூபா மிச்சம், அதோட 5 மணிக்கு மெட்ரோவும் ஓட ஆரம்பிச்சுரும். சென்ட்ரல் மெட்ரோ ஸ்டேஷன் வாசல்லயே தரைக்கு அடில இருக்கு, பச்சை லைன்ல ஏறி எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு வழியா வடபழனில இறங்கினா அங்க இருந்து போரூர் 7 கிலோமீட்டர் மாதிரிதான், சங்கக் கணக்குலயே 144 ரூபாதான் ஆட்டோவுக்கு. ஒரே பையோட தனியா வந்தா நான் இதான் பண்றேன். அம்மா கூட இருந்தா பண்ண மாட்டேன், எஸ்கலேட்டரே அவங்களுக்குப் பயம். வேளச்சேரி, திருவான்மியூர் பக்கம் போறவங்களுக்கு எதிர்ல பார்க் டவுன்ல பறக்கும் ரயிலே இருக்கு, அவங்க காலைல இந்த ஆட்டோ வேலையே யோசிக்க வேண்டாம்.

பிளாட்பாரத்துல இருந்து வாசல் வரைக்கும்

சென்ட்ரல் முட்டுச்சந்து மாதிரி ஸ்டேஷன், எல்லா பிளாட்பாரமும் ஒரே முனைல, முன் ஹால்ல போய் முடியும். எஞ்சின் போய் நிக்கிறது ஹால் பக்கம். உங்க பெட்டி கடைசில இருந்தா ஒரு பெட்டி கிட்டத்தட்ட 24 மீட்டர், 22 பெட்டின்னா அரைக் கிலோமீட்டருக்கு மேல நடக்கணும். பையோட வயசானவங்களைக் கூட்டிட்டு போனா பத்துல இருந்து பதினைஞ்சு நிமிஷம். இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, ஆப்ல வண்டி புக் பண்றவங்க பண்ற முதல் தப்பு இங்கதான், பெட்டில இருந்து இறங்கும்போதே புக் பண்ணிடுறாங்க, டிரைவர் மூணு நிமிஷத்துல வந்து நிப்பாரு, நீங்க இன்னும் ஏழாவது பெட்டி கிட்ட நடந்துட்டு இருப்பீங்க. அது என்ன ஆகும்னு அப்புறம் சொல்றேன்.

இந்த நடையிலதான் புரோக்கருங்க வருவாங்க. நல்லா கவனிச்சுப் பாருங்க, உங்ககிட்ட வந்து பேசுறவர் பெரும்பாலும் வண்டி ஓட்டுறவரே இல்ல. அவர் ஆளைப் புடிச்சு வெளிய நிக்கிற டிரைவர்கிட்ட ஒப்படைச்சுட்டு தன்னோட பங்கை வாங்கிட்டுப் போயிருவாரு. அன்னைக்கு நான் குடுத்த 700ல டிரைவர் கைக்கு எவ்வளவு போச்சுன்னு அவரே சொன்னாரு, பாதி தூரத்துல பேச்சுக்குடுத்தப்ப "அதுல இருநூறு அந்த ஆளுக்கு சார்"னாரு. அதனால புரோக்கர் சொல்ற ரேட்டு ஏன் எப்பவும் அதிகமா இருக்குன்னா ரெண்டு குடும்பம் அதுல சாப்பிடணும்.

அவங்க பேசுற பேச்சு எல்லாம் ஏறத்தாழ ஒண்ணுதான். "ப்ரீபெய்ட் கவுண்ட்டர் மூடிட்டாங்க"னு சொல்லுவாங்க. "ஆப் வண்டியை உள்ள விடமாட்டாங்க, வெளிய ரோட்டுக்குப் போகணும், அம்மாவால நடக்க முடியாது பாருங்க"னு சொல்லுவாங்க, இது ரொம்ப மோசமான பேச்சு, பாதி உண்மையைக் கலந்து நம்ம பலவீனத்துல கை வைக்கிறது. "ப்ரீபெய்ட் ரேட்டுக்கே வர்றேன்"னும் சொல்லுவாங்க, ஆனா ஸ்லிப் கேட்டா இருக்காது, போரூர் வந்ததும் அது ஒரு ஆளுக்கு சொன்ன ரேட்டா மாறிடும், லக்கேஜுக்குத் தனின்னு ஆயிரும். நான் இப்பல்லாம் நிக்கவே மாட்டேன், "வேண்டாம்ண்ணே, வண்டி வந்துருச்சு"ன்னு சொல்லிட்டு நடந்துட்டே இருப்பேன். நின்னு ரேட்டு கேட்டோம்னா பேரம் ஆரம்பிச்ச மாதிரி. எங்க போறோம்னும் சொல்லாதீங்க, இடத்தைச் சொன்னதும் நீங்க வழி தெரிஞ்ச ஆளா, ஊருக்குப் புதுசான்னு நீங்க சொல்ற விதத்துலயே கண்டுபுடிச்சுருவாங்க. பையில கை வெச்சா மட்டும் குரலை உயர்த்தலாம், "பையை விடுங்க"னு சத்தமா ஒரு தடவை சொன்னா போதும், சுத்தி இருக்கிறவங்க திரும்பிப் பாப்பாங்க.

இன்னொண்ணு, ரயில்வே இடத்துக்குள்ள லைசென்ஸ் இல்லாம ஆள் புடிக்கிறது ரயில்வே சட்டம் 144ஆவது பிரிவுல குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டாயிரம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். பின்னாடியே தொல்லை பண்ணிட்டு வந்தா ஆர்பிஎஃப் ஆள் யாராவது நிப்பாங்க, நேரா அவங்க பக்கம் நடங்க, சொல்லக்கூட வேண்டாம், தானா விலகிருவாங்க. யாரும் கண்ணுல படலன்னா 139க்கு போன் பண்ணலாம்.

ப்ரீபெய்ட் கவுண்ட்டர்: ஸ்லிப்பை எப்படிப் படிக்கணும்

ப்ரீபெய்ட் கவுண்ட்டரை போர்டைப் பாத்து நம்பாதீங்க, ஆளைப் பாத்து நம்புங்க. ஸ்டேஷன் வாசல்ல "டிராவல்ஸ்", "டாக்ஸி சர்வீஸ்"னு மேஜை போட்டு உக்காந்திருக்கிற தனியார் ஆளுங்களும் ப்ரீபெய்ட்னுதான் சொல்லுவாங்க. போலீஸ் நடத்துற கவுண்ட்டர்ல யூனிஃபார்ம்ல ஒருத்தர் இருப்பாரு, ஊர் வாரியா ரேட்டு எழுதின பட்டியல் இருக்கும், கையில அச்சடிச்ச ஸ்லிப் வரும். இந்த மூணுல எது இல்லன்னாலும் நான் காசு குடுக்க மாட்டேன். இடம் தெரியலன்னா ஸ்டேஷன் விசாரணை கவுண்ட்டர்லயோ ஆர்பிஎஃப்கிட்டயோ கேளுங்க, ஆட்டோ ஸ்டாண்டுல நிக்கிறவர்கிட்ட கேக்காதீங்க.

கவுண்ட்டர்ல இடம் சொல்றதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. எங்க சித்தி வீடு ஐயப்பந்தாங்கல், ஆனா வெளியூர்ல இருந்து வர்றவங்க எல்லாம் "போரூர்"னுதான் சொல்லுவோம், பெரிய ஊர் பேர் சொன்னா புரியும்னு. ஸ்லிப்ல போரூர்னு விழும். டிரைவர் போரூர் ஜங்ஷன்ல வந்து நிறுத்தி "இங்கதானே போட்டிருக்கு"ன்னு கேப்பாரு, அவர் கேக்குறது நியாயம், அங்க இருந்து இன்னும் ரெண்டு மூணு கிலோமீட்டர் போகணும். ஆனா அந்த இடத்துல, பையெல்லாம் வண்டில இருக்கும்போது, கூட நூறு கேட்டா நம்மால ஒண்ணும் பேச முடியாது. அதனால கவுண்ட்டர்லயே "போரூர் தாண்டி ஐயப்பந்தாங்கல், பஸ் டெப்போ கிட்ட"ன்னு தெளிவா சொல்லி அந்தப் பேரே ஸ்லிப்ல வருதான்னு பாருங்க. காசு கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும்.

ஸ்லிப் கைக்கு வந்ததும் அங்கயே நின்னு நாலு விஷயம் பாருங்க, இடம், தொகை, வண்டி நம்பர், நேரம். ராத்திரி ரேட்டு போட்டிருந்தா நேரம் 5 மணிக்கு முன்னாடியா பின்னாடியான்னு ஒரு பார்வை. வண்டி நம்பர் எழுதலன்னா எழுதித் தரச் சொல்லுங்க, நம்பர் இல்லாத ஸ்லிப் எந்த வண்டிக்கும் பொருந்தும், அப்புறம் தகராறு வந்தா யார் மேல சொல்லுவீங்க. அடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்தக் காசு முழுசும் இங்க கட்டியாச்சா, இல்ல டிரைவர்கிட்ட குடுக்கணுமா?"

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்னா ப்ரீபெய்ட்னு பேர் ஒண்ணா இருந்தாலும் ஊருக்கு ஊர் முறை வேற. டெல்லில தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல போய் புது டெல்லி ஸ்டேஷன்ல இறங்கினீங்கன்னா அங்க டிராஃபிக் போலீஸ் கவுண்ட்டர்ல முழுக்காசும் கட்டிரணும், டிரைவர் திரும்ப வந்து அந்த ஸ்லிப்பைக் குடுத்துதான் தன் காசை வாங்குவாரு. அப்போ ஸ்லிப்தான் காசு. வண்டில ஏறும்போதே "ஸ்லிப் குடுங்க சார்"னு கேட்டா குடுக்கக்கூடாது, வீட்டு வாசல்ல பையெல்லாம் இறக்கி வெச்சதுக்கு அப்புறம்தான் குடுக்கணும், அது கையில இருக்கிற வரைக்கும் அவர் பாதி வழில இறக்கி விட மாட்டாரு, வேற ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாரு. நம்பர் பாக்கணும்னு கேட்டா கையில புடிச்சுக்கிட்டே காட்டுங்க.

கேரளா பக்கம் எர்ணாகுளம், திருச்சூர்ல வேற, கவுண்ட்டர்ல ஒண்ணு ரெண்டு ரூபா சர்வீஸ் சார்ஜ் மட்டும்தான், ஸ்லிப்ல எழுதியிருக்கிற வண்டிக்காசை இறங்கும்போது டிரைவர்கிட்ட குடுக்கணும். இது தெரியாம "நான் கட்டிட்டேனே"ன்னு சண்டை போடுறவங்களைப் பாத்திருக்கேன், டெல்லி முறை தெரியாம ரெண்டு தடவை காசு குடுத்தவங்களும் இருக்காங்க. எந்த ஸ்டேஷனா இருந்தாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுருங்க, ஸ்லிப்பை ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க.

கவுண்ட்டருக்கு ஒரு குறையும் இருக்கு, சொல்லணும். மூணு நாலு ரயில் ஒண்ணா வந்துட்டா கியூ நீளும், விடியக்காலைல சில நாள் ஆளே இருக்க மாட்டாங்க, ஸ்லிப் வாங்கினதுக்கு அப்புறமும் டிரைவர் முகத்தைச் சுளிப்பாரு, "இந்த ரேட்டுக்குக் கட்டுப்படி ஆகாது, மேல அம்பது போட்டுக் குடுங்க"ம்பாரு. நான் வண்டில ஏறாமலே கவுண்ட்டர் பக்கம் திரும்பி "சார், இவர் வேற கேக்குறாரு"ன்னு சொல்லிருவேன், வேற வண்டி தருவாங்க. ஏறி உக்காந்துட்டு பேசாதீங்க.

ஆப் வண்டி: பின் எங்க விழுதுன்னு பாருங்க

பிளாட்பாரக் கூரைக்குக் கீழ நின்னு ஆப்பைத் தொறந்தா ஜிபிஎஸ் தடுமாறும். சென்ட்ரல்ல எனக்கு ரெண்டு மூணு தடவை, மேப்ல நாம நிக்கிற இடத்தைக் காட்டுற அந்த பின் குறி, கிழக்குப் பக்கம் வால்டாக்ஸ் ரோட்டுல போய் விழுந்திருக்கு, ஒரு தடவை புறநகர் ரயில் நிக்கிற மூர் மார்க்கெட் கட்டடத்துப் பக்கம். நான் நிக்கிறது முன் வாசல்ல, டிரைவர் வந்து நிக்கிறது பின்னாடி சந்துல. அவரும் தப்பு பண்ணல, ஆப் காட்டின இடத்துக்குத்தான் வந்தாரு. அப்புறம் அவர் சுத்தி முன்னாடி வரணும்னா பூந்தமல்லி ஹைரோடு சிக்னல், யூ டர்ன், பத்து நிமிஷம்.

அதனால வெளிய வந்து, வானம் தெரியுற இடத்துல நின்னு, ஆப் குடுக்குற பிக்கப் இடங்கள்ல ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, அந்த இடத்துக்கு நடந்து போய் நின்னுட்டு, அப்புறம் புக் பண்ணுங்க. வண்டி ஒதுக்கினதும் "எங்க இருக்கீங்க"ன்னு அவர் கேக்குறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டுருங்க, எந்த வாசல்ல நிக்கிறீங்க, எதிர்ல என்ன தெரியுது, நீங்க என்ன கலர் சட்டைன்னு. நான் எப்பவும் "மெட்ரோ வாசல் பக்கம், பச்சைப் பை, வயசான அம்மா கூட"ன்னு அனுப்புவேன், உடனே கண்டுபுடிச்சுருவாங்க.

வெயிட்டிங் காசு இங்கதான் வருது. டிரைவர் பின் கிட்ட வந்து "வந்துட்டேன்"னு அமுக்கின நிமிஷத்துல இருந்து கடிகாரம் ஓடும், முதல் சில நிமிஷம் ஃப்ரீ, அப்புறம் நிமிஷக் கணக்குல ஏறும், அதுக்கும் மேல ரொம்ப நேரம் ஆச்சுன்னா நீங்க வரலன்னு அவர் கேன்சல் பண்ணலாம், அந்தக் காசும் உங்க மேலதான். எத்தனை நிமிஷம் ஃப்ரீ, நிமிஷத்துக்கு எவ்வளவுங்கறது வண்டி வகையைப் பொறுத்து மாறும், புக் பண்றதுக்கு முன்னாடி காட்டுற தொகை பக்கத்துல ஒரு சின்ன ஐ குறி இருக்கும் பாருங்க, அதை அமுக்கினா அடிப்படைக் கட்டணம், கிலோமீட்டர் ரேட்டு, வெயிட்டிங், கேன்சல் காசு எல்லாம் விரியும். ஒரு தடவை அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. பிளாட்பாரத்துல இருந்தே புக் பண்ணாதீங்கன்னு சொன்னது இதுக்குத்தான், அந்த அரைக் கிலோமீட்டர் நடையில உங்க ஃப்ரீ நிமிஷம் எல்லாம் கரைஞ்சிருக்கும்.

டிரைவர் வேற இடத்துல நின்னுக்கிட்டு "வந்துட்டேன்"னு அமுக்கிட்டா என்ன பண்றது? மேப்ல அவர் வண்டி எங்க இருக்குன்னு தெரியும்ல, அதை நேரத்தோட ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. பில்லுல வெயிட்டிங் விழுந்தா அதே பயணத்துக்குள்ள உதவி பகுதில போய் அதைக் குடுங்க. ஒரு தடவை 40 ரூபா மாதிரி எனக்குத் திரும்ப வந்துது, படம் இல்லாம வெறும் வாயால சொன்ன தடவை வரல.

ரோட்டு ஆட்டோல மீட்டர் வெயிட்டிங் இதோட கலந்து குழப்பிக்காதீங்க. ஆற்காடு ரோட்டுல மெட்ரோ வேலைல 20 நிமிஷம் மாட்டினாலும் அரசு கணக்குல அது 14 ரூபா, சங்கக் கணக்குல 30 ரூபா. "டிராஃபிக் ஆயிருச்சு, நூறு சேத்துக் குடுங்க"ன்னா இந்த ரெண்டு நம்பரையும் நிதானமா சொல்லுங்க.

ஆப்ல காட்டுற தொகை எந்த அளவுக்கு உறுதி

காருக்கும் ஆட்டோவுக்கும் இதுல வித்தியாசம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியல. கார் புக் பண்ணா முன்னாடி காட்டின தொகைதான் பொதுவா கடைசிலயும், வழி மாறினா, இடையில ஒரு இடம் சேத்தா, டோல் வந்தா, வெயிட்டிங் ஆனா மட்டும் மாறும். ஆட்டோ அப்படி இல்ல. ஊபர் 2025 பிப்ரவரில இருந்து ஆட்டோவுக்கு கமிஷனை விட்டுட்டு டிரைவர்கிட்ட சந்தா வாங்குற முறைக்கு மாறினாங்க, காசை நேரா டிரைவர்கிட்டதான் குடுக்கணும், ஆப்ல காட்டுறது ஒரு பரிந்துரைத் தொகை. நம்ம யாத்ரி மாதிரி ஆப்லயும் காசு நேரா டிரைவருக்குத்தான் போகுது. டிரைவருக்கு இது நல்லது, முழுக்காசும் அவர் கைக்கு வருது, எனக்கு அதுல சந்தோஷம்தான். ஆனா நமக்கு என்ன அர்த்தம்னா ஆட்டோல ஏறுறதுக்கு முன்னாடி திரையைக் காட்டி "அண்ணே, 290 காட்டுது, இதானே?"ன்னு கேட்டு அவர் வாயால சரின்னு சொல்ல வெச்சுட்டுத்தான் ஏறணும். இறங்கும்போது கேட்டா அது பேரம்.

கூட்ட நேரத்துல ரேட்டு ஏறுறது பத்தி, மத்திய அரசு 2025 ஜூலைல வெளியிட்ட வழிகாட்டுதல்ல அடிப்படைக் கட்டணத்துக்கு ரெண்டு மடங்கு வரைக்கும்தான் ஏத்தலாம்னு இருக்கு, 2020ல வந்த பழைய வழிகாட்டுதல்ல அது ஒண்ணரை மடங்கு. காரணம் இல்லாம கேன்சல் பண்ணா கட்டணத்துல பத்து சதவீதம், அதிகபட்சம் 100 ரூபா, இது ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தும். இதை அந்தந்த மாநிலம் ஏத்துக்கிட்டு நடைமுறைப்படுத்தணும், அதனால ரோட்டுல நின்னு சட்டம் பேச இது உதவாது, ஆனா திரைல ஒரு தொகையைப் பாத்தா இது இயல்பா இல்லையான்னு தெரிஞ்சுக்க உதவும். ஒரே நேரத்துல ரெண்டு மூணு எக்ஸ்பிரஸ் வந்து நின்னா ரேட்டு குபுக்குன்னு ஏறும், பதினைஞ்சு இருபது நிமிஷம் உக்காந்துட்டு திரும்பப் பாத்தா இறங்கியிருக்கும், நான் பாத்த வரைக்கும் கூட்டம் கலையுற வேகத்துல ரேட்டும் இறங்கிருது.

டிரைவர் போன்ல "எங்க போகணும், எவ்வளவு காட்டுது, கேஷா?"ன்னு கேட்டுட்டு "நீங்க கேன்சல் பண்ணிருங்க சார்"னா பண்ணாதீங்க. நீங்க பண்ணா கேன்சல் காசு உங்களுக்கு. "நீங்களே பண்ணிருங்கண்ணே"ன்னு சொல்லிட்டு விடுங்க, ரொம்ப இழுத்தா கேன்சல் காரணத்துல டிரைவர் கேன்சல் பண்ணச் சொன்னார்ங்கறதைத் தேர்ந்தெடுங்க. "கேன்சல் பண்ணிட்டு நேரா குடுங்க, அதே ரேட்டு"ன்னு வாசல்ல நின்னு கேட்டாலும் வேண்டாம், அந்தப் பயணம் எங்கயும் பதிவாகாது, வீட்டுல இருக்கிறவங்களுக்கு லொகேஷனும் போகாது, பையை மறந்துட்டா தேடுறதுக்கும் வழி இல்ல.

ஏறுறதுக்கு முன்னாடி நம்பர் பிளேட்டு

ஸ்டேஷன் வாசல்ல போனைப் பாத்துக்கிட்டு நிக்கிறவங்களைக் குறி வெச்சு "சார் ஆப் வண்டிதானே, வாங்க"ன்னு கூப்பிடுவாங்க. திரையை எட்டிப் பாத்து பேரைக்கூட சொல்லுவாங்க. அதனால நீங்க உங்க பேரைச் சொல்லி "எனக்கா?"ன்னு கேக்காதீங்க, "யாருக்கு வந்திருக்கீங்க, பேர் சொல்லுங்க"ன்னு கேளுங்க. அதை விட நம்பர் பிளேட்டுதான் உறுதி, கடைசி நாலு எண்ணையும் ஆப்ல இருக்கிறதோட ஒப்பிடுங்க. வாடகை வண்டிக்கு மஞ்சள் பிளேட்டுல கறுப்பு எழுத்து, மின்சார வாடகை வண்டின்னா பச்சை பிளேட்டுல மஞ்சள் எழுத்து. வெள்ளை பிளேட்டு கார் டாக்ஸின்னு வந்து நின்னா அது சொந்தக் கார், வாடகைக்கு ஓட்ட அனுமதி கிடையாது, விபத்துன்னு ஒண்ணு ஆனா இன்ஷூரன்ஸ்ல பெரிய சிக்கல். "அந்த வண்டி ரிப்பேர், என் அண்ணன் வண்டி அது, அதுக்கு பதிலா நான் வந்தேன்"னா ஏறாதீங்க. ஓடிபியை வண்டிக்குள்ள உக்காந்து, பையெல்லாம் ஏத்தினதுக்கு அப்புறம்தான் சொல்லணும், போன்லயே கேட்டு வாங்கிட்டு பயணத்தை ஆரம்பிச்சுட்டு நீங்க இல்லாமலே ஓட்டி முடிக்கிற ஆளுங்களும் இருக்காங்க.

பார்க்கிங்னு ஒண்ணு கேப்பாங்க. வண்டி உள்ள வந்து நின்னதுக்கு டோக்கன் போட்டிருந்தா டோக்கனைப் பாத்துட்டு அந்தத் தொகையைக் குடுங்க, ஆப் பில்லுலயே அது சேந்திருக்கான்னும் ஒரு தடவை பாருங்க. டோக்கன் இல்லாம "அம்பது பார்க்கிங்"னா இல்ல.

இறங்கும்போது

முதல்ல ஆள் இறங்குங்க, அப்புறம் பை, சீட்டுக்கு அடில, பின்னாடி, ஆட்டோன்னா டிரைவர் காலுக்குப் பக்கத்துல வெச்ச சின்னப் பை, எல்லாம் எண்ணிட்டு அதுக்கப்புறம் காசு. யூபிஐ போட்டா வர்ற பேரு டிரைவர் பேரா இருக்கணும்னு இல்ல, மனைவி பேரா தம்பி பேரா இருக்கலாம், ஆனா தொகையை நீங்களே டைப் பண்ணுங்க, போனை அவர் கையில குடுக்காதீங்க. சில்லறைக்கு ரெண்டு நூறு, நாலஞ்சு பத்து தனியா வெச்சிருந்தா "சேஞ்ச் இல்ல சார்"ங்கற பேச்சே வராது.

அதிகமா வாங்கிட்டாங்கன்னா அங்க நின்னு சண்டை போட்டு அம்மாவை வாசல்ல நிக்க வைக்காதீங்க. வண்டி பின்னாடி நம்பரை ஒரு போட்டோ, ஸ்லிப் ஒரு போட்டோ, யூபிஐ ரசீது, நேரம், இந்த நாலும் இருந்தா போதும். ப்ரீபெய்ட் வண்டின்னா அடுத்த தடவை சென்ட்ரல் போகும்போது அதே கவுண்ட்டர்லயே சொல்லலாம், ஸ்லிப் நம்பரை வெச்சு அன்னைக்கு எந்த வண்டின்னு அவங்க எடுத்துருவாங்க. ஆப்னா அந்தப் பயணத்துக்குள்ள இருந்து அன்னைக்கே புகார் குடுங்க, நாள் தள்ளிப்போச்சுன்னா அந்த வழி மூடிரும். பயமுறுத்துற மாதிரி நடந்துக்கிட்டா, வழி மாத்தி ஓட்டினா, காத்திருக்காம ஓடுற வண்டில இருந்தே 112.

போன வாரம் ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினோம். அம்மா வெயிட்டிங் ஹால்ல அஞ்சு மணி வரைக்கும் உக்காந்து தூங்கினாங்க, நான் ஸ்லிப் வாங்கினேன், ஐயப்பந்தாங்கல்னு எழுத வெச்சேன், டிரைவர் ஒரு வார்த்தை மறு பேச்சு பேசல, வழில அவரே ஒரு கடைல நிறுத்தி "அம்மா டீ குடிக்கிறீங்களா"ன்னு கேட்டாரு. சித்தி வீட்டு வாசல்ல இறங்கி கணக்குப் படி குடுத்து, டீக்கு நிறுத்தினதுக்கு மேல இருபது ரூபா நானாவே குடுத்தேன்.